ஒரு பிரெஞ்சு மின்னஞ்சலில் கரைந்த 35 நாள்கள்

2023 ஜூலை 24, திங்கட்கிழமை காலை, கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் இயங்கும் எங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குப் பிரெஞ்சு மொழியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் எங்களிடம் இரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றும் பிரெஞ்சுக் குடிமகன். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இருந்து அழைக்கும் வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பதில் சொல்லும் அணியில் அவர் இருந்தார். வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியான அவருடைய எம்ப்ளாய்மென்ட் பாஸ் அக்டோபர் 18ஆம் தேதி முடிவடைய இருந்தது. அதைப் புதுப்பிப்பதற்கான ஆவணங்களை ஒன்பது இணைப்புகளாகச் சேர்த்து, நான்கு நீண்ட பத்திகளில் தம் நிலையை விளக்கியிருந்தார்.

வெளிநாட்டு ஊழியர்களின் பாஸ் கோப்புகளைக் கவனிப்பது என் பொறுப்பு. இந்தக் கோப்பில் நாங்கள் 35 நாள்களை இழந்தோம், அவற்றில் பெரும்பகுதி என்னால் போனது. பாஸ் காலாவதியாகாமல் வேலை முடிந்துவிட்டது என்றாலும், அது நூலிழையில் முடிந்தது. எங்கே பிசகியது என்பதை ஆவணம் ஆவணமாக எழுதி வைத்தால் இதே பணியில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

மின்னஞ்சல் ஏன் பிரெஞ்சில் வந்தது

அவர் ஆங்கிலம் பேசுவார். அலுவலகத்தில் என்னோடு பேசுவதும் ஆங்கிலத்தில்தான். ஆனால் 2021இல் அவருக்கு முதல் பாஸ் எடுத்தபோது எங்கள் பிரிவில் பிரெஞ்சு தெரிந்த ஓர் அதிகாரி இருந்தார், கடிதப் போக்குவரத்து முழுவதும் அந்த மொழியிலேயே நடந்தது. அந்த அதிகாரி வேலையை விட்டுப் போய்விட்ட செய்தியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மனிதவளப் பிரிவின் பொது முகவரிக்கு எழுதினால் பழைய ஆளே படிப்பார் என்று அவர் நினைத்திருக்கிறார். அதோடு, பேச்சு வேறு, சட்டம் சார்ந்த காரியம் வேறு என்பது அவருடைய எண்ணம். குடும்பம், வரி, தங்கும் உரிமை பற்றி எழுதும்போது தாய்மொழியில் எழுதினால்தான் சொல் பிசகாது என்று பின்னால் என்னிடம் சொன்னார். அந்த எண்ணத்தில் தவறில்லை. பிசகு, அவருடைய சொற்கள் வேறு கைகளைக் கடந்து என்னிடம் வந்து சேர்ந்த வழியில் இருந்தது.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆகவே நான் மிக எளிதான வழியைத் தேர்ந்தெடுத்தேன். மின்னஞ்சலை அப்படியே அவருடைய அணித்தலைவருக்கு அனுப்பி, இதில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அணித்தலைவரும் பிரான்சில் பிறந்து வளர்ந்தவர், எனவே அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று நினைத்தேன். அவர் மதிய உணவுக்கு முன்பே ஆங்கிலத்தில் நான்கு வரிகள் எழுதி அனுப்பினார். எல்லா ஆவணங்களும் இணைக்கப்பட்டுள்ளன, கடப்பிதழ் அடுத்த பிப்ரவரியில் முடிகிறது, அதை முன்னதாக ‘ஈவென்ச்சுவலி’ புதுப்பிப்பார், விண்ணப்பித்ததும் ஒப்புகைச் சீட்டு வேண்டும் என்பதே அதன் சாரம்.

அந்த நான்கு வரிகளை நம்பி நான் கோப்பை ஓரமாக வைத்தேன். புதிய கடப்பிதழ் வரட்டும், வந்ததும் ஒரேயடியாக விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்து, ‘கிடைத்தது, நன்றி, கடப்பிதழ் தயாரானதும் தெரிவிக்கவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் போட்டேன்.

ஒரு சொல்லின் இரண்டு பொருள்

ஆகஸ்ட் 28ஆம் தேதி, மாதக் கடைசியில் முடிவுத் தேதிகளைச் சரிபார்க்கும்போது இந்தக் கோப்பு அசையாமல் கிடப்பதைப் பார்த்தேன். கணக்குப் பிரிவில் புதுச்சேரியிலிருந்து வந்த ஓர் அக்கா இருக்கிறார். சிறு வயதில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவர், அவர்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. ஊழியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மூல மின்னஞ்சலை அவரிடம் காட்டினேன். இரண்டாவது பத்திக்கு வந்ததும் அவர் விரலைத் திரையில் வைத்து நிறுத்தினார்.

“தம்பி, இதை யார் உங்களுக்கு மொழிபெயர்த்தது? ‘எவாந்துயெல்மான்’னா ‘ஒருவேளை’ன்னு அர்த்தம். எப்படியும் புதுப்பிப்பேன்னு அவர் எழுதல. புதுப்பிச்சாலும் புதுப்பிக்கலாம்னுதான் எழுதியிருக்கார்.”

பிரெஞ்சில் அந்தச் சொல் நிகழக்கூடியதைக் குறிக்கிறது, நிச்சயத்தைக் குறிப்பதில்லை. ஆங்கிலத்தில் ஏறத்தாழ அதே எழுத்துகளோடு இருக்கும் சொல்லோ, தாமதமானாலும் கடைசியில் நடந்தே தீரும் என்பதைக் குறிக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலம் எழுதும்போது தங்கள் சொல்லையே ஆங்கில உருவில் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் என்று அக்கா விளக்கினார். அணித்தலைவருக்கு அந்தப் பிரெஞ்சு வாக்கியம் சரியாகவே புரிந்திருந்தது. அவர் மனத்தில் ‘ஒருவேளை’ என்றுதான் இருந்தது, ஆனால் அவர் கை எழுதிய ஆங்கிலச் சொல்லை நான் ‘கண்டிப்பாக’ என்று படித்தேன். மொழி நன்றாகத் தெரிந்தவர் சுருக்கித் தந்தார் என்பதாலேயே எனக்குச் சந்தேகம் வரவில்லை. இந்தக் கோப்பில் நான் கண்ட முதல் பாடம் இதுதான்: மூல மொழியில் வல்லவராக இருப்பது போதாது, எந்த மொழியில் சுருக்குகிறாரோ அதிலும் அவர் சொல் நமக்கு அதே பொருளைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்த ஒரு சொல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு மலேசிய நடைமுறையைச் சற்றுச் சொல்ல வேண்டும். அப்போதைய விதிப்படி எம்ப்ளாய்மென்ட் பாஸ் மூன்று பிரிவுகளாக இருந்தது. மாதச் சம்பளம் 10,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும் என்றால் முதல் பிரிவு, 5,000 முதல் 9,999 வரை இரண்டாம் பிரிவு, 3,000 முதல் 4,999 வரை மூன்றாம் பிரிவு. இவர் 7,600 ரிங்கிட் வாங்கினார், எனவே இரண்டாம் பிரிவு. அதில் ஒரு தடவைக்கு அதிகபட்சமாக இரண்டு ஆண்டு கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு ஆண்டு கடப்பிதழின் ஆயுளுக்குள் அடங்க வேண்டும். கடப்பிதழ் முடியும் நாளைத் தாண்டி பாஸ் தரப்படுவதில்லை. அவருடைய கடப்பிதழ் 2024 பிப்ரவரி 11இல் முடிவதாக இருந்தது. அதை வைத்து விண்ணப்பித்திருந்தால், மிக நன்றாகப் போனாலும் நான்கு மாதம்கூட முழுதாகக் கிடைத்திருக்காது. அதன் பிறகு திரும்பவும் கட்டணம், திரும்பவும் விண்ணப்பம், திரும்பவும் காத்திருப்பு.

அவர் ஏன் ‘ஒருவேளை’ என்று எழுதினார் என்பதும் தெளிவானது. பிரெஞ்சுக் கடப்பிதழ் முடிய இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது, பயணத்துக்கு அது போதும் என்று அவர் நினைத்திருந்தார். பாஸின் நீளத்தைக் கடப்பிதழ் தீர்மானிக்கிறது என்ற விவரத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மனிதவளப் பிரிவிடம் ஒரு கேள்வியைத்தான் மறைமுகமாகக் கேட்டிருந்தார்: தேவைப்பட்டால் புதுப்பிக்கிறேன், தேவையா? நான் அவர் பதிலுக்குக் காத்திருந்தேன், அவர் என் பதிலுக்குக் காத்திருந்தார். இப்படியே 35 நாள்கள் போயின.

இந்த 35 நாள்களின் மதிப்பை 90 நாள் கணக்கில் பார்க்க வேண்டும். புதுப்பிப்பு விண்ணப்பத்தை, பாஸ் முடிவதற்கு மூன்று மாதம் முன்பிருந்து, குடிநுழைவுத் துறையின் வெளிநாட்டு ஊழியர் சேவைப் பிரிவான இஎஸ்டியின் இணையத்தளம் வழியாக அப்போது சமர்ப்பிக்க முடிந்தது. அக்டோபர் 18இலிருந்து பின்னோக்கி 90 நாள் எண்ணினால் ஜூலை 20 வருகிறது. அவர் மின்னஞ்சல் அனுப்பிய நாள் ஜூலை 24. அதாவது அவர் நான்கு நாள் மட்டுமே கழித்து, கச்சிதமாக நேரத்தில் எழுதியிருந்தார். நான் விழித்துக்கொண்ட ஆகஸ்ட் 28இல் மீதி 51 நாள்தான் இருந்தது.

ரெசெபிஸ்ஸே என்ற சீட்டு

அக்கா மூன்றாவது பத்தியைப் படித்தபோது இன்னொரு சிக்கல் வெளியே வந்தது. உண்மையில் இதுதான் முதல் சிக்கலைவிட ஆபத்தானது. ‘விண்ணப்பத்தை நீங்கள் தாக்கல் செய்ததும் எனக்கு ரெசெபிஸ்ஸேயை அனுப்புங்கள், அக்டோபர் 14 அன்று லியோன் போய் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு நவம்பர் 2 திரும்புகிறேன்’ என்று அவர் எழுதியிருந்தார். அணித்தலைவரின் சுருக்கத்தில் பயணத் தேதிகள் விடுபட்டுப்போய், ‘ஒப்புகைச் சீட்டு வேண்டும்’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

இஎஸ்டி தளத்தில் விண்ணப்பம் ஏற்றப்பட்டதைக் காட்டும் பக்கத்தைத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். பிரான்சில் ரெசெபிஸ்ஸே என்பது அவ்வளவு சாதாரணச் சீட்டு இல்லை. வெளிநாட்டவர் அங்கே தங்கும் அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை அவருடைய தங்கும் உரிமையை நீட்டித்துக் காட்டும் ஆவணமாக அது தரப்படுகிறது. புதுப்பிப்பு என்றால் வேலை செய்யும் உரிமையும் பெரும்பாலும் அதோடு தொடர்கிறது. இப்போது அங்கே பல விண்ணப்பங்கள் இணையம் வழியாகப் போவதால் அதே வேலையைச் செய்யும் வேறு பெயருள்ள சான்றிதழ்களும் வருகின்றன. ஊழியர் பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் அவருக்கே அந்தச் சீட்டு தேவைப்பட்டதில்லை. ஆனால் அவர் மனைவி துனிசிய நாட்டவர். லியோனில் வாழ்ந்தபோது மனைவியின் அட்டை இரண்டு தடவை காலாவதியாகி, இரண்டு தடவையும் ரெசெபிஸ்ஸேயை வைத்துக்கொண்டு அவர் வேலைக்குப் போயிருக்கிறார். கணவருக்கு அந்த அனுபவம் மனத்தில் ஊறியிருந்தது. தாக்கல் செய்தாலே பாதுகாப்பு வந்துவிடும் என்பது அவருடைய இயல்பான நம்பிக்கை.

மலேசியாவில் அப்படி இல்லை. புதுப்பிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருப்பது, முடிந்துபோன பாஸைத் தானாக நீட்டிக்காது. முடிவு வருவதற்குள் பாஸ் முடிந்துவிட்டால், 1963ஆம் ஆண்டுக் குடிநுழைவு விதிகளின் 14ஆம் விதிப்படி வழங்கப்படும் சிறப்புப் பாஸை, அதாவது இங்கே எல்லோரும் ‘பாஸ் காஸ்’ என்று சொல்வதை, எடுக்க வேண்டும். அது அதிகபட்சமாக ஒரு மாதத்துக்கு, 100 ரிங்கிட் கட்டணத்தில், அதிகாரியின் முடிவைப் பொறுத்துக் கிடைப்பது. நாட்டுக்குள் தங்குவதை அது முறைப்படுத்துகிறதே தவிர, வெளியே போய்விட்டுத் திரும்பி வர அது வழிவிடாது.

அவருடைய பயணத் திட்டத்தை இதில் பொருத்திப் பாருங்கள். அக்டோபர் 14 அன்று செல்லுபடியாகும் பாஸோடு கிளம்புகிறார். 18 அன்று அவர் லியோனில் இருக்கும்போது பாஸ் முடிகிறது. நவம்பர் 2 அன்று விமான நிலையத்தில் நிற்கும்போது அவர் கையில் வேலைக்கான எந்த அனுமதியும் இல்லை. கடப்பிதழ் புதியதாக இருந்தால், பிரெஞ்சுக்காரர் என்பதால் சுற்றுலாப் பயணிக்குரிய 90 நாள் அனுமதியில் அவர் உள்ளே வந்துவிடலாம், அதில் ஒரு தடையும் தெரியாது. தடை தெரியாததே பெரிய வினை. மறுநாள் காலை அவர் வழக்கம்போல் மேசையில் வந்து உட்கார்ந்து அழைப்புகளை எடுத்தால், செல்லுபடியாகும் பாஸ் இல்லாத வெளிநாட்டவரை நாங்கள் வேலைக்கு வைத்திருப்பதாக ஆகும். 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி அப்படி ஒவ்வொருவருக்கும் முதலாளிக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஊழியரோ, ‘நான் ஜூலையிலேயே எல்லாவற்றையும் எழுதினேனே’ என்று சொல்வார். அது உண்மையாகவும் இருக்கும்.

பயணத்தை மாற்றச் சொல்லி அன்று மாலையே அவரிடம் பேசினேன். விமானச் சீட்டின் தேதியை மாற்ற அவர் கொடுத்த கூடுதல் பணத்தை நிறுவனமே திருப்பித் தர வேண்டும் என்று என் மேலாளரிடம் வாதாடினேன், அவர் ஒப்புக்கொண்டார்.

ஒன்பது இணைப்புகளில் மூன்று

இணைப்புகளைத் திறந்தபோது, அவர் பிரான்சின் குடிநுழைவு அலுவலகத்துக்கு ஒரு கோப்பு தயாரிப்பதுபோல் தயாரித்திருந்தார் என்று தெரிந்தது. பிரான்சின் வருமான வரி அறிவிப்பு, வீட்டு முகவரிக்குச் சான்றாக மின்சாரக் கட்டண ரசீது, மனைவியின் பழைய தங்கும் அட்டை, எங்கள் நிறுவனமே கொடுத்த மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், குடும்பப் பதிவேட்டின் நகல், மகளின் பிறப்புச் சான்று, கடப்பிதழின் முதல் பக்கம் என்று எல்லாம் பெயரிட்டு அடுக்கப்பட்டிருந்தன. எங்களுக்கு உடனே பயன்பட்டவை மூன்றுதான்.

இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் பட்டியலில் ‘வரி ஆவணம்’ என்று இரண்டே சொல் இருந்தது. எந்த நாட்டு வரி, எந்தப் பாரம் என்று இல்லை. உண்மையில் தேவைப்பட்டது, முதலாளி ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி கடைசிக்குள் கொடுக்க வேண்டிய வருமான விவரமான இஏ பாரமும், அவர் மலேசிய வருமான வரி வாரியத்துக்கு மின்வழி அனுப்பிய வரிப் படிவத்தின் ஒப்புகையும். இஏ பாரம் எங்களிடமே இருந்தது. ‘கடப்பிதழ் நகல்’ என்ற வரியும் அப்படித்தான்: வெற்றுப் பக்கங்கள் உட்பட எல்லாப் பக்கங்களும் வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. வேலை ஒப்பந்தத்துக்கு 10 ரிங்கிட் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டிருக்க வேண்டும். புதிய ஒப்பந்தத்தில் அது செய்யப்படாமல் இருந்தது, அதுவும் எங்கள் வேலைதான்.

குடும்ப ஆவணங்கள்தான் அதிகம் யோசிக்க வைத்தன. 2021இல் அவர் தனியாக வந்தவர், இந்த முறைதான் மனைவிக்கும் மகளுக்கும் முதன்முறையாகச் சார்ந்தோர் பாஸ் கேட்கப்போகிறோம். திருமணத்துக்குச் சான்றாக அவர் அனுப்பியிருந்தது ‘லிவ்ரே த ஃபமிய்’ எனப்படும் குடும்பப் பதிவேடு. திருமணம் நடக்கும்போது பிரெஞ்சு நகராட்சி தம்பதிக்குக் கொடுக்கும் சிறு புத்தகம் அது, பிள்ளைகள் பிறக்கப் பிறக்க அதில் பதிவு சேரும். பிரான்சுக்குள் பல காரியங்களுக்கு அதன் நகலே போதும். ஆனால் இங்கே கோப்பைப் பார்க்கும் அதிகாரி எதிர்பார்ப்பது திருமணச் சான்றிதழ். அதற்கு இணையானது, திருமணம் நடந்த நகராட்சியின் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும் முழு நகல். அதை நகராட்சியின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கேட்டு அஞ்சலில் பெறலாம் என்று அக்காதான் சொன்னார். ஆகஸ்ட் 30 அன்று ஊழியர் கேட்டார், செப்டம்பர் 14 அன்று உறை வந்து சேர்ந்தது.

மகளின் பிறப்புச் சான்றில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. அவர் அனுப்பியது பன்மொழிப் பிறப்புச் சுருக்கம். 1976 செப்டம்பர் 8இல் வியன்னாவில் ஐரோப்பிய நாடுகள் சில சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வடிவம் அது. பெயர், தேதி, இடம் என்ற கட்டங்கள் எண்ணிடப்பட்டிருக்கும், அந்த எண்களின் பொருள் ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மலேசியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. பிறப்புப் பதிவின் முழு நகலையும் வரவழைத்து, திருமணச் சான்றோடு சேர்த்து மலேசிய மொழிபெயர்ப்பு மற்றும் நூல் நிறுவனத்தில் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தோம். கொடுக்கும்போது மூன்று பேரின் கடப்பிதழ் நகலையும் சேர்த்துக் கொடுத்தோம். பிரெஞ்சுப் பதிவேட்டில் எழுத்துகளின் மேல் குறிகள் இருக்கும், கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் அவை இருக்காது. பெயர் எந்த எழுத்துகளில் வர வேண்டும் என்பதை மொழிபெயர்ப்பாளர் யூகிக்கக் கூடாது.

வெட்டப்பட்ட மூலை

கடப்பிதழுக்கு ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் பிரெஞ்சுத் தூதரகத்தில் செப்டம்பர் 7 அன்று சந்திப்பு கிடைத்தது. போவதற்கு முன் அக்கா ஒரு விஷயத்தை நினைவுபடுத்தினார். புதியதைக் கொடுக்கும்போது பழைய கடப்பிதழைத் தூதரகம் வாங்கி வைத்துக்கொள்ளும், ஆனால் அதில் செல்லுபடியாகும் விசா இருந்தால் திருப்பித் தருமாறு கேட்கலாம் என்றார். எங்களுக்கு அது மிகவும் முக்கியம், ஏனென்றால் 2021இல் ஒட்டப்பட்ட எம்ப்ளாய்மென்ட் பாஸ் ஸ்டிக்கர் அந்தப் பழைய புத்தகத்தில்தான் இருந்தது. ஊழியர் கையில் கொண்டுபோக, அந்தப் பாஸ் அக்டோபர் 18 வரை செல்லுபடியாகிறது என்றும் பழைய கடப்பிதழை அவரிடமே விட வேண்டும் என்றும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தோம்.

செப்டம்பர் 29 வெள்ளிக்கிழமை மதியம் அவர் இரண்டு புத்தகங்களையும் என் மேசையில் வைத்தார். ரத்தானதற்கு அடையாளமாகப் பழையதின் அட்டை மூலை வெட்டப்பட்டிருந்தது. உள்ளே எட்டாம் பக்கத்தில் பச்சை நிற ஸ்டிக்கர் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. வெட்டு அட்டையோடு நின்றிருக்கிறதா, ஸ்டிக்கரின் எண்களைத் தொட்டிருக்கிறதா என்று நான் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். பிறகு இரண்டு புத்தகங்களின் எல்லாப் பக்கங்களையும் வரிசையாக ஸ்கேன் செய்தோம்.

அக்டோபர் 2 திங்கட்கிழமை புதிய கடப்பிதழ் எண்ணோடு விண்ணப்பம் தாக்கலானது. 12ஆம் தேதி ஒப்புதல் வந்தது. பழைய பாஸ் முடிய ஆறு நாள் இருந்தது. ஜூலையிலேயே நான் சரியாகப் படித்திருந்தால் அந்த ஆறு, நாற்பதாக இருந்திருக்கும்.

கடைசிப் பத்தியில் இருந்தது

ஒரு விஷயத்தை இதுவரை சொல்லாமல் விட்டேன். அந்த மின்னஞ்சலின் கடைசியில் ஊழியர் மனிதவளப் பிரிவிடம் மட்டும் ஒன்றைக் கேட்டிருந்தார். மனைவிக்கு லியோனில் ஒரு வேலை வாய்ப்பு பேசப்படுகிறது, அது அமைந்தால் தாமும் ஓராண்டில் திரும்ப வேண்டியிருக்கலாம், அப்படியானால் இரண்டு ஆண்டுக்குப் பதில் ஓராண்டுக்கு விண்ணப்பிப்பது நல்லதா என்பது அந்தக் கேள்வி. அதிலும் அதே ‘எவாந்துயெல்மான்’ இருந்தது. நான் அந்த முழு மின்னஞ்சலையும் அவருடைய நேரடி மேலதிகாரியான அணித்தலைவருக்கு, ஊழியரிடம் ஒரு சொல்கூடக் கேட்காமல், அனுப்பியிருந்தேன்.

அணித்தலைவர் பண்பானவர். சுருக்கத்தில் அந்தப் பத்தியைத் தொடவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. ஆனால் அது அவருடைய நல்ல குணத்தால் நடந்தது, எங்கள் ஒழுங்கினால் நடக்கவில்லை. கடப்பிதழ் எண், பிள்ளையின் பிறந்த தேதி, மனைவியின் வேலை என்று ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் முழுவதும் அந்த மின்னஞ்சலில் இருந்தது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதைப் பொறுப்போடு வைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். மொழிபெயர்ப்பு உதவி வேண்டும் என்பது அதை யாருக்கும் காட்டிவிடக் காரணம் ஆகாது, அதிலும் அந்த ஊழியரின் பதவி உயர்வை எழுதும் கைக்குப் போகவே கூடாது. நான் ஊழியரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இனி அந்த அக்காவே படிக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அப்போதிலிருந்து அக்காவோடு எழுத்துப்பூர்வமான இரகசியக் காப்பு உறுதி செய்துகொண்டு, ஊழியரின் ஒப்புதல் இருந்தால் மட்டுமே அவரிடம் கொடுக்கிறோம்.

அவருடைய கேள்விக்குப் பதில்: இரண்டு ஆண்டுக்கே கேட்டோம். முன்கூட்டியே போக நேர்ந்தால் பாஸை ரத்து செய்யலாம். ஓராண்டு எடுத்துவிட்டு இருக்க நேர்ந்தால் இந்த முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும். போகும் நிலை வந்தால் வருமான வரி வாரியத்துக்கு நாங்கள் முன்னறிவிப்பு கொடுத்து, வரி தீர்ந்தது என்ற கடிதம் வரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும் என்பதையும் அப்போதே அவருக்குச் சொல்லிவிட்டோம்.

இப்போது பதில் எப்படிப் போகிறது

பிரெஞ்சில் வரும் மின்னஞ்சலுக்கு இப்போது பிரெஞ்சிலேயே பதில் போகிறது, கீழே ஆங்கிலத்திலும் அதே பதில் இருக்கும். வரைவை நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன், அக்கா பிரெஞ்சில் எழுதி, தம் பிரெஞ்சைத் தமிழில் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். இந்தத் தமிழ்ச் சுற்று வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே முகத்தோடு வேறு பொருள் தரும் இடங்கள் தமிழில் சொல்லும்போது உடனே பிடிபடுகின்றன. ‘ஒருவேளை’, ‘எப்படியும்’ என்ற இரண்டையும் தமிழில் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. பிரெஞ்சில் ‘பதினைந்து நாளில்’ என்று எழுதினால் இரண்டு வாரம் என்றும், ‘எட்டு நாளில்’ என்றால் ஒரு வாரம் என்றும் பொருள். அதை 15 வேலை நாள் என்று எண்ணி மூன்று வாரமாக்கிவிடும் ஆபத்தும் இப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது.

ஆகவே எங்கள் கேள்விகளில் கால அளவு வருவதில்லை, தேதி வருகிறது. ‘கடப்பிதழைப் புதுப்பிப்பீர்களா’ என்று கேட்பதில்லை. ‘உங்கள் கடப்பிதழ் முடியும் தேதி என்ன, பாஸை அந்தத் தேதிக்கு மேல் தரமாட்டார்கள், எனவே புதுப்பிக்க வேண்டும், தூதரகச் சந்திப்பு எந்தத் தேதியில்’ என்று கேட்கிறோம். ‘பயணத் திட்டம் உண்டா’ என்று கேட்காமல், பாஸ் முடியும் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு மாதத்தில் நாட்டைவிட்டு வெளியே இருக்கும் தேதிகளை எழுதச் சொல்கிறோம், அதோடு விண்ணப்பித்த சீட்டு இங்கே ரெசெபிஸ்ஸே ஆகாது என்று அந்தச் சொல்லையே போட்டு எழுதுகிறோம்.

ஊழியர் நவம்பர் 4 அன்று, புதிய பாஸ் கைக்கு வந்த பிறகு, லியோன் போய்க் குடும்பத்தை அழைத்து வந்தார். மனைவிக்குக் கணவரின் பாஸ் முடியும் நாள் வரை சார்ந்தோர் பாஸ் கிடைத்தது. மகளுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. பிரான்சில் சிறுவர் கடப்பிதழின் ஆயுள் ஐந்து ஆண்டுதான், குழந்தையின் கடப்பிதழ் 2025 மார்ச்சிலேயே முடிவதாக இருந்தது, எனவே குழந்தையின் பாஸும் அதற்குள் நின்றுவிட்டது. 2024 அக்டோபரில் அதைக் குறிப்பிட்டு, தூதரகச் சந்திப்பின் தேதியைக் கேட்டு அவருக்குப் பிரெஞ்சில் எழுதினோம். அன்று பிற்பகலே பதில் வந்தது. அக்கா திரையைப் பார்த்து அதைத் தமிழில் படித்தார்: “ஜனவரி 9, காலை பத்து மணி. பழைய கடப்பிதழைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் வேணுமாம், தம்பி.”